ஹோம் லோன் அசல்ல இன்சூரன்ஸ் பிரீமியத்த சேத்துட்டா இஎம்ஐ என்ன ஆகும், மொத்தமா எவ்வளவு போகும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

போன வருஷம் என் தம்பி திருப்பூர்ல வீடு வாங்க 30 லட்சம் லோன் போட்டான். வட்டி 8.5, இருபது வருஷம், ஃப்ளோட்டிங் ரேட், அதாவது நடுவுல ஏறி எறங்குற வட்டி. பேங்க் பேர் வேணாம். பணம் வந்து ரெண்டு மாசம் கழிச்சு அவன் லோன் ஸ்டேட்மென்ட்ட வாட்ஸ்அப்ல அனுப்பி "அண்ணே, இத கொஞ்சம் பாரேன், ஏதோ இடிக்குது"ன்னான். பாத்தா அசல் 31,20,000. அந்த 1,20,000 எங்கருந்து வந்துச்சுன்னு தேடப்போய்த்தான் இந்த கணக்கெல்லாம் உக்காந்து போட்டேன். அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க, அவங்களுக்கு தெரிஞ்சவங்கன்னு நிறைய பேர் இதே கேள்விகள கேட்டாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். எல்லா பதில்லயும் தம்பியோட நம்பரத்தான் வெச்சிருக்கேன், உங்களுது வேற தொகையா இருந்தா நடுவுல குடுத்திருக்குற ஃபார்முலால உங்க நம்பர போட்டுக்குங்க.

நான் கேட்டது 30 லட்சம், ஸ்டேட்மென்ட்ல 31.2 லட்சம் இருக்கு. எப்படி?

அந்த கூடுதல் தொகை பெரும்பாலும் லோன் ப்ரொடெக்ஷன் பாலிசியோட பிரீமியமா இருக்கும். லோன் வாங்குனவர் நடுவுல இறந்துட்டா மீதி கடன இன்சூரன்ஸ் கம்பெனி பேங்க்குக்கு கட்டிடும்ங்குற பாலிசி அது. வருஷா வருஷம் கட்டுற மாதிரி இல்லாம இருபது வருஷத்துக்கும் சேத்து ஒரே பிரீமியமா ஆரம்பத்துலயே வாங்குவாங்க, அதனால தொகை பெருசா இருக்கும். அவ்வளவு பணத்த கையில எடுத்து குடுங்கன்னா யாரும் யோசிப்பாங்க இல்லையா, அதனால பேங்க்கே அத கம்பெனிக்கு கட்டிட்டு உங்க லோன்ல ஏத்திடும். அதாவது அந்த 1.2 லட்சத்தையும் நீங்க கடனா வாங்கியிருக்கீங்க, வீட்டு கடனுக்கு என்ன வட்டியோ அதே வட்டிக்கு, அதே இருபது வருஷத்துக்கு.

தம்பி கையெழுத்து போட்ட பேப்பர் கட்டுல இதுக்கு தனி ஃபார்ம் இருந்துச்சு. நாப்பது அம்பது எடத்துல பென்சில்ல பெருக்கல் குறி போட்டு "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு"ன்னு காமிச்சிருக்காங்க, இவனும் போட்டுக்கிட்டே போயிட்டான். ஹெல்த் பத்தின கேள்விகள்ல எல்லாம் "இல்லை"ன்னு அவங்களே டிக் அடிச்சு வெச்சிருந்தாங்க. சுகர், பிபி இருக்குறவங்க இந்த எடத்துல ரொம்ப கவனமா இருங்க, தப்பா டிக் அடிச்ச அந்த ஒரு பக்கத்த காரணம் காட்டி நாளைக்கு க்ளெய்ம நிறுத்த முடியும்.

மாசம் ஆயிரம் ரூபாதான் கூடுதல்னு சொன்னாங்க. சரிதானே?

மாச கணக்கு சரிதாங்க. 30 லட்சத்துக்கு இஎம்ஐ 26,035. 31.2 லட்சத்துக்கு 27,076. வித்தியாசம் 1,041 ரூபா, அவங்க பொய் சொல்லல. ஆனா அந்த 1,041 எத்தன மாசம்? 240 மாசம். பெருக்கி பாத்தா கிட்டத்தட்ட 2,50,000. 1,20,000 ரூபா பாலிசிக்கு நீங்க ரெண்டரை லட்சம் குடுக்குறீங்க, அதுல 1,30,000 வட்டி மட்டும். பாலிசி விலைய விட அதுக்கு கட்டுற வட்டி அதிகம்.

எக்செல்லயோ கூகுள் ஷீட்லயோ இத போட்டா உங்களுக்கே வந்துடும், வட்டி, மாசம், பிரீமியம் மூணையும் மட்டும் மாத்திக்குங்க:

```
=PMT(8.5%/12, 240, -120000)
```

இன்னொன்னையும் பாக்கணும். ஆரம்ப வருஷங்கள்ல இந்த 1,041ல பெரும்பகுதி வட்டிக்கே போயிடும். முதல் மாசம் அதுல 850 வட்டி, அசல்ல கழியுறது 191 ரூபா. அஞ்சு வருஷம் ஒழுங்கா கட்டி முடிச்சா பிரீமியம் பங்குக்குன்னு நீங்க கட்டினது 62,483, ஆனா அந்த 1,20,000 கடன் குறைஞ்சு நிக்குறது 1,05,753ல. அறுபது மாசம் கட்டியும் கழிஞ்சது 14,000 சொச்சம்தான். இது பின்னாடி லோன சீக்கிரம் முடிக்குறப்போ உதைக்கும், கீழ சொல்றேன்.

எனக்கு இஎம்ஐ மாறவே இல்லையே, பழைய 26,035தான் போகுது. அப்போ இன்சூரன்ஸ் எனக்கு ஃப்ரீயா?

இல்லைங்க, இருக்குறதுலயே அதிகமா செலவாகுறது இந்த வழிதான். இஎம்ஐ மாறலன்னா மாறினது மாச எண்ணிக்கை. ஸ்டேட்மென்ட்ல மீதி எத்தன இஎம்ஐன்னு இருக்குற எடத்த பாருங்க, 240 இருக்க வேண்டிய எடத்துல 268ன்னு இருக்கும்.

நான் மொதல்ல நம்பல. 1.2 லட்சம்னா நாலஞ்சு இஎம்ஐக்கு சமம், அதுக்கு எப்படி 28 மாசம் கூடும்னு மறுபடி மறுபடி போட்டு பாத்தேன், அதேதான் வந்துச்சு. காரணம் இதுதான். 30 லட்சத்துக்கு முதல் மாச வட்டி 21,250, அப்போ 26,035 கட்டுனா அசலுக்கு 4,785 போகும். அசல் 31.2 லட்சம் ஆனா முதல் மாச வட்டி 22,100, அதே 26,035ல அசலுக்கு 3,935தான் மிஞ்சும். முதல் மாசமே 850 ரூபா அசல்ல கழியாம நிக்குது. அடுத்த மாசம் அந்த நின்ன 850க்கும் சேத்து வட்டி, அதனால இன்னும் கொஞ்சம் கூட நிக்கும், அதுக்கடுத்த மாசம் இன்னும் கொஞ்சம். அதாவது அந்த 1,20,000க்கு நீங்க இருபது வருஷமா ஒரு பைசா கூட கட்டல, அது பாட்டுக்கு வட்டிக்கு வட்டி போட்டு வளந்துகிட்டே இருக்கு. 240வது மாசம் லோன் முடிஞ்சிருக்க வேண்டிய அன்னைக்கு அது சுமார் 6,53,000 ரூபாயா வளந்து நிக்கும். அத கட்டி முடிக்கத்தான் அந்த கூடுதல் 28 மாசம்.

இந்த வழில மொத்தமா கூடுற செலவு ஏறக்குறைய 7,20,000. இஎம்ஐ ஏத்தியிருந்தா ரெண்டரை லட்சத்தோட போயிருக்கும். பேங்க்ல "உங்க இஎம்ஐ ஒரு ரூபா கூட ஏறாது சார்"னு சொல்றது கேக்க நல்லா இருக்கும், ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு விலை நாலே முக்கால் லட்சம். உங்களுக்கு எத்தன மாசம் ஆகும்னு பாக்க:

```
=NPER(8.5%/12, -26035, 3120000)
```

267.7ன்னு வரும், கடைசி இஎம்ஐ பாதிக்கு கொஞ்சம் மேல இருக்கும்னு அர்த்தம்.

ஃப்ளோட்டிங் ரேட் லோனா இருந்தா இத கண்டுபிடிக்குறது இன்னும் கஷ்டம், ஏன்னா வட்டி ஏறுனாலும் மாசம் கூடும், பிரீமியம் சேத்தாலும் மாசம் கூடும், ரெண்டும் கலந்துடும். 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் ஒரு உத்தரவு போட்டுச்சு. அதுப்படி ஃப்ளோட்டிங் ரேட் இஎம்ஐ லோனுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்டேட்மென்ட் தரணும், அதுல இதுவரைக்கும் வசூலான அசல், வட்டி, இஎம்ஐ தொகை, மீதி இஎம்ஐ எண்ணிக்கை எல்லாம் இருக்கணும். நீங்க பாக்க வேண்டியது லோன் தொடங்கின பிறகு வந்த முதல் ஸ்டேட்மென்ட். அப்போ ரேட் பெரும்பாலும் மாறியிருக்காது, ரேட் மாறாமலே அதுல மாசம் கூட இருந்தா காரணம் பெரும்பாலும் பிரீமியம்தான்.

நீண்டுபோன அந்த 28 மாசத்துக்கும் இன்சூரன்ஸ் கவர் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. யாரும் சொல்லாத விஷயம் இது. பாலிசிக்குன்னு உங்களுக்கு ஒரு சர்டிஃபிகேட் ஆஃப் இன்சூரன்ஸ் வரும். அதுல கவர் எத்தன வருஷம், ஒவ்வொரு வருஷமும் கவர் தொகை எவ்வளவுன்னு ஒரு டேபிள் இருக்கும். அந்த டேபிள் பாலிசி ஆரம்பிச்ச அன்னைக்கு ஒரு வட்டியையும் ஒரு காலத்தையும் வெச்சு போட்டது, அதுக்கப்புறம் உங்க லோன் என்ன ஆனாலும் அது மாறாது. பாலிசி 240 மாசத்துக்குன்னா 240வது மாசத்தோட கவர் முடிஞ்சுது, ஆனா லோன்ல இன்னும் ஆறரை லட்சம் பாக்கி இருக்கும். அந்த நேரத்துல ஏதாச்சும் ஆனா குடும்பம்தான் கட்டணும்.

நடுவுலயும் ஓட்டை விழும். டேபிள் 30 லட்சத்த 240 மாசத்துல அடைக்குற வேகத்துல கவர குறைச்சுகிட்டே வரும், ஆனா உங்க கடன் 31.2 லட்சத்துல ஆரம்பிச்சு 268 மாச வேகத்துல மெதுவா எறங்குது. அதனால எந்த வருஷத்த எடுத்தாலும் கவர் தொகைய விட பாக்கி அதிகமா இருக்கும், வருஷம் போகப்போக அந்த இடைவெளி பெருசாகும். வட்டி ஏறி மாசம் நீண்டா இன்னும் மோசம். சர்டிஃபிகேட் டேபிளையும், மாசா மாசம் அசல், வட்டி, பாக்கி எவ்வளவுன்னு பேங்க் போட்டு குடுத்த அமார்டைசேஷன் டேபிளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு 5வது வருஷம், 10வது வருஷம், 15வது வருஷம்னு மூணு வரிய மட்டும் ஒப்பிட்டு பாருங்க, போதும். இன்னொன்னு, 20 வருஷ லோனுக்கு 10 வருஷமோ 15 வருஷமோ மட்டும் கவர் குடுக்குற பாலிசியும் இருக்கு. அப்போ பிரீமியம் கம்மியா தெரியும், ஆனா அதுக்கான வட்டிய மட்டும் இருபது வருஷமும் கட்டிகிட்டு இருப்பீங்க.

எனக்கு லோன் தொகை 30 லட்சமேதான், ஆனா கைக்கு வந்தது 28.8 லட்சம். இது என்ன வகை?

இதுவும் அதேதான், வேற வாசல் வழியா. சாங்ஷன் ஆன தொகைக்குள்ளயே பிரீமியத்த புடிச்சிட்டு மீதிய குடுத்திருக்காங்க. இஎம்ஐ 26,035தான் வரும், ஆனா வீடு விக்குறவருக்கு குறையுற 1,20,000த்த நீங்க வெளிய பொரட்டணும். ரிஜிஸ்ட்ரேஷன் அன்னைக்கு காலைல டிடி தொகைய பாத்து அப்பதான் தெரிஞ்சு நகைய அடகு வெச்சு குடுத்தவங்கள எனக்கு தெரியும். டிடி எவ்வளவுக்கு எடுக்கப்போறீங்கன்னு ரெண்டு நாள் முன்னாடியே கேட்டுடுங்க.

நாங்க வீடு கட்டிகிட்டு இருக்கோம், லோன் பகுதி பகுதியாத்தான் வருது. பிரீமியமும் அப்படித்தான் ஏறுமா?

பெரும்பாலும் அப்படி பண்ண மாட்டாங்க, முதல் தவணை குடுக்குறப்பவே முழு பிரீமியத்தையும் ஏத்திடுவாங்க. கட்டடம் முடியுற வரைக்கும் ப்ரீ இஎம்ஐன்னு வெறும் வட்டி மட்டும் வாங்குவாங்க இல்லையா, அதுல இந்த 1.2 லட்சத்துக்கு மாசம் 850 ரூபா. கட்டி முடிக்க ஒரு வருஷம் ஆனா 10,200 போயிருக்கும், அசல் ஒரு ரூபா குறைஞ்சிருக்காது. மேல சொன்ன ரெண்டரை லட்சத்துல இது சேரல, தனி.

வட்டி 8.5ன்னு சொன்னாங்க, ஆனா ஒரு பேப்பர்ல 9.04ன்னு போட்டிருக்கே?

அது ஏபிஆர், வருஷத்துக்கு உங்களுக்கு உண்மையா ஆகுற செலவு சதவீதம். நல்ல பேப்பர் அது, பத்திரமா வெச்சுக்குங்க. 2024 ஏப்ரல்ல ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவுப்படி அந்த வருஷம் அக்டோபர் 1லருந்து புதுசா தர்ற எல்லா ரீடெய்ல் லோனுக்கும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்னு ஒண்ண கையெழுத்துக்கு முன்னாடி குடுக்கணும். பேங்க் உங்ககிட்ட வாங்கி இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரி வெளியாளுக்கு குடுக்குற பணத்தையும் ஏபிஆர் கணக்குல சேக்கணும்னு அதுல தெளிவா இருக்கு. அந்த ஸ்டேட்மென்ட்ல காட்டாத கட்டணத்த உங்க ஒப்புதல் இல்லாம பின்னாடி வசூல் பண்ணவும் கூடாது.

தம்பி கேஸ்ல ப்ராசஸிங் ஃபீ எல்லாத்தையும் விட்டுட்டு பிரீமியத்த மட்டும் சேத்தாலே 8.5 வந்து 9.04 ஆகுது. வீட்டுக்குன்னு கைக்கு வந்தது 30 லட்சம், கட்டுறது மாசம் 27,076, அப்போ உண்மையான வட்டி என்னன்னு கேட்டா வர்ற பதில் அது:

```
=RATE(240, -27076, 3000000)*12
```

ரெண்டு பேங்க்க ஒப்பிடுறப்போ இத பாருங்க. ஒருத்தர் 8.5 வித் இன்சூரன்ஸ், இன்னொருத்தர் 8.75 வித்தவுட் இன்சூரன்ஸ்னா ரெண்டாவதுதான் மலிவு, கவர் தனியா எடுத்துக்கலாம். கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்ல இன்சூரன்ஸ் வரில சைபர் போட்டிருந்து லோன் அக்கவுன்ட்ல மட்டும் ஏறியிருந்தா அந்த ரெண்டு பேப்பரே உங்க புகாருக்கு போதுமான ஆதாரம்.

இன்சூரன்ஸ் எடுக்கலன்னா லோன் வராதுன்னு சொல்றாங்களே, கட்டாயமா?

ஹோம் லோன் வாங்குறவர் லைஃப் இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும்னு ரிசர்வ் பேங்க்கும் சொல்லல, இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்குற ஐஆர்டிஏஐயும் சொல்லல. வீட்டுக்கு தீ, வெள்ளம்னு எடுக்குற ப்ராப்பர்ட்டி இன்சூரன்ஸ் வேற. அடமானமா இருக்குற சொத்துங்குறதால அத லோன் கண்டிஷனாவே போடுவாங்க, பிரீமியமும் ரொம்ப கம்மி. ரெண்டையும் ஒண்ணா கலந்து "இன்சூரன்ஸ் கம்பல்சரி சார்"னு சொல்லும்போதுதான் நம்ம ஆளுங்க ஏமாந்துடுறாங்க. எதுக்கான இன்சூரன்ஸ், உயிருக்கா வீட்டுக்கா, அந்த கண்டிஷன் சாங்ஷன் லெட்டர்ல எந்த வரில இருக்குன்னு கேளுங்க. மறுத்தா மெயில்ல எழுதி தர சொல்லுங்க. நான் பாத்த வரைக்கும் எழுதி கேட்டவங்களுக்கு யாரும் "கட்டாயம்"னு எழுதி குடுத்ததில்ல.

இன்னொரு விதமா வருவாங்க, இன்சூரன்ஸ் எடுத்தா வட்டில 0.05 குறைக்குறோம்னு. 30 லட்சத்துக்கு 0.05 குறைஞ்சா மாசம் சுமார் 95 ரூபா மிச்சம். அதுக்காக மாசம் 1,041 கூட கட்டணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

கவர் எனக்கு வேணும், குடும்பம் இருக்கு. ஆனா வட்டி கட்டாம எடுக்க வழி இருக்கா?

இருக்கு. இத சொல்லியே ஆகணும், கவர் வேணாம்னு நான் சொல்லவே இல்ல. ஒரே ஆள் சம்பளத்துல ஓடுற வீட்டுல 30 லட்சம் கடன வெச்சுகிட்டு எந்த பாலிசியும் இல்லாம இருக்குறது பெரிய தப்பு. எதிர்க்க வேண்டியது பிரீமியத்த கடனா மாத்துறத மட்டும்தான்.

மொத வழி, அதே பாலிசிய எடுங்க, ஆனா பிரீமியத்த உங்க செக்ல கட்டுங்க. 1,20,000த்தோட முடிஞ்சுது. ரெண்டாவது, இப்ப கையில காசில்லன்னா லோன்ல ஏத்திட்டு போனஸ் வந்ததும் பார்ட் பேமென்ட் பண்ணிடுங்க. தனிநபர் எடுத்த ஃப்ளோட்டிங் ரேட் ஹோம் லோனுக்கு முன்கூட்டி கட்டுனா பெனால்ட்டி கிடையாது. ஒரு வருஷம் கழிச்சு முடிச்சீங்கன்னா அதுவரைக்கும் கட்டின 12,497, அன்னைக்கு பாக்கி 1,17,612, ஆக மொத்தம் 1,30,000 சொச்சம். ரெண்டரை லட்சம் எங்க, இது எங்க.

மூணாவது, தனி டெர்ம் பாலிசி, அதாவது பாலிசி காலத்துக்குள்ள இறந்தா மட்டும் குடும்பத்துக்கு பணம் வர்ற லைஃப் இன்சூரன்ஸ். பிரீமியம் லோன்ல ஏறினா வருஷத்துக்கு நீங்க கட்டப்போற கூடுதல் 12,497, இந்த நம்பர மனசுல வெச்சுகிட்டு உங்க வயசுக்கு 30 லட்சத்துக்கு 20 வருஷத்துக்கு டெர்ம் பாலிசி என்ன விலைன்னு கேளுங்க. ஒப்பிடுறப்போ ஒண்ணு பாக்கணும், லோன் பாலிசில கவர் வருஷா வருஷம் குறையும், டெர்ம்ல கடைசி வரைக்கும் 30 லட்சமே இருக்கும், லோன் முடிஞ்சாலும் பேங்க் மாறினாலும் பாலிசி உங்களோடயே வரும். சின்ன வயசு, சிகரெட் பழக்கம் இல்ல, உடம்புல பிரச்சனை இல்லன்னா டெர்ம்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். அம்பது வயசு தாண்டினவங்களுக்கும் சுகர் இருக்குறவங்களுக்கும் டெர்ம் விலை ஏறும், சில சமயம் கிடைக்காமயே போகும், அவங்களுக்கு பேங்க் லோன் வாங்குறவங்க எல்லாருக்கும் சேத்து வெச்சிருக்குற குரூப் பாலிசி உண்மையாவே உதவலாம், செக்ல கட்டி எடுத்துக்கட்டும்.

ஏற்கனவே சேத்துட்டாங்க, இப்ப திருப்ப முடியுமா?

பாலிசி பேப்பர் உங்க கைக்கு வந்து எத்தன நாள் ஆச்சுங்குறத பொறுத்தது. 2024 ஐஆர்டிஏஐ விதிப்படி பாலிசிக்கு ஃப்ரீ லுக், அதாவது படிச்சு பாத்து வேணாம்னா திருப்பி குடுக்குற காலம், 30 நாள், குரூப் பாலிசியா இருந்தா உங்க சர்டிஃபிகேட்லயே அந்த நாள் எண்ணிக்கை இருக்கும், அத படிச்சுக்குங்க. அதுக்குள்ள வேணாம்னு எழுதி குடுத்தா கவர் இருந்த நாளுக்கான பங்கு, மெடிக்கல் டெஸ்ட் செலவு, ஸ்டாம்ப் செலவு இதெல்லாம் போக மீதி திரும்பும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில், பேங்க்குக்கு அதோட காப்பி, ரெண்டும் அனுப்புங்க. ப்ராஞ்ச்ல வாயால சொல்லிட்டு வந்தா அந்த நாள் ஓடிடும். தம்பிக்கு அப்படித்தான் ஆச்சு, "மேனேஜர் லீவுல இருக்கார், அடுத்த வாரம் வாங்க"ன்னு ரெண்டு தடவ அனுப்பிட்டாங்க.

இதுல நிறைய பேர் கோட்ட விடுறது அடுத்த கட்டத்துல. திரும்பி வர்ற பணம் பெரும்பாலும் லோன் அக்கவுன்ட்டுக்கே வரும், அசல் குறையும். ஆனா இஎம்ஐயோ மாசமோ தானா பழையபடி ஆகும்னு நெனைக்காதீங்க, எழுதி குடுத்து புது அமார்டைசேஷன் டேபிள் கேட்டு வாங்குங்க. இஎம்ஐ 27,076லயே விட்டாலும் நஷ்டம் இல்ல, லோன் 240க்கு பதிலா 218 மாசத்துல முடிஞ்சிடும். ஆனா அது நீங்க தெரிஞ்சு எடுக்குற முடிவா இருக்கட்டும்.

ஃப்ரீ லுக் தாண்டிட்டா சரண்டர்தான், அதாவது பாலிசிய நடுவுல விட்டுட்டு மீதிய வாங்குறது, வர்ற தொகை கம்மியா இருக்கும், கணக்கு சர்டிஃபிகேட்ல இருக்கும். ஒப்புதலே இல்லாம ஏத்திட்டாங்கன்னா நாள் கணக்கு பாக்காம பேங்க்குக்கு எழுத்துல புகார் குடுங்க. 30 நாள்ல பதில் வரலன்னாலோ பதில் சரியில்லன்னாலோ cms.rbi.org.inல ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனுக்கு போடலாம், காசு எதுவும் கட்ட வேண்டியதில்ல. பாலிசி சம்பந்தப்பட்ட புகாருக்கு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் தனியா சென்னைல இருக்காங்க.

பிரீமியத்துக்குன்னு தனி லோன் நம்பர் போட்டிருக்காங்க, இது நல்லதா கெட்டதா?

ஒரு விதத்துல நல்லது, எவ்வளவு போகுதுன்னு கண்ணுக்கு தெரியும், அத மட்டும் தனியா அடைச்சு மூடலாம். வட்டி வீட்டு லோன் வட்டியேதானா, கூடவான்னு மட்டும் பாத்துக்குங்க, கூட இருந்தா பார்ட் பேமென்ட்ட மொதல்ல அதுல கட்டுங்க. ரெண்டு இஎம்ஐயும் வேற வேற தேதில போகுதான்னும் பாருங்க. பெரிய லோனுக்கு பேலன்ஸ் வெச்சிட்டு சின்னத மறந்து பவுன்ஸ் ஆனா அபராதமும் வரும், சிபில்லயும் ஏறும்.

அஞ்சு வருஷத்துல லோன க்ளோஸ் பண்ணிட்டாலோ வேற பேங்க்குக்கு மாத்திட்டாலோ பிரீமியம் திரும்ப வருமா?

முழுசா வராது. தம்பி கணக்குலயே அஞ்சாவது வருஷம் முடிச்சா பிரீமியம் பங்குக்கு அதுவரைக்கும் கட்டின 62,483 போக பாக்கி 1,05,753ம் சேத்து அடைக்கணும், மொத்தம் 1,68,000. பதிலுக்கு வர்றது சர்டிஃபிகேட்ல சொல்லியிருக்குற சரண்டர் தொகை. அது மீதி இருக்குற வருஷத்தையும் மீதி கவரையும் வெச்சு குறைச்சு போட்ட கணக்கு, பிரீமியத்துக்கு நீங்க கட்டின வட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதுவும் நீங்க கேட்டாத்தான் வரும். லோன் க்ளோஸ் ஆன லெட்டர், கேன்சல் செக், சர்டிஃபிகேட் மூணையும் வெச்சு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதணும். சில பாலிசில லோன் முடிஞ்சாலும் கவர தொடரலாம், அப்போ க்ளெய்ம் தொகை நாமினிக்கு போகும். உங்களுக்கு வேற பாலிசி இல்லன்னா சரண்டர் பண்றதுக்கு முன்னாடி இத கேட்டு பாருங்க.

பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர்லதான் ரெண்டாவது அடி விழும். பழைய பேங்க்ல பாக்கின்னு காட்டுற தொகைக்குள்ள பழைய பிரீமியத்தோட மீதி இருக்கும், புது பேங்க் அத அப்படியே எடுத்துகிட்டு மேல இன்னொரு பிரீமியத்த ஏத்தும். பழைய பாலிசிய சரண்டரும் பண்ணாம விட்டா ஒரே கடனுக்கு ரெண்டு பிரீமியத்துக்கு வட்டி ஓடிகிட்டு இருக்கும். புது பேங்க்ல அப்ளிகேஷன் குடுக்குறப்பவே "பழைய பாலிசி இருக்கு, புதுசு வேணாம்"னு எழுதி ஒரு சீல் வாங்கிக்குங்க.

தம்பி கடைசில என்ன பண்ணார்?

ஃப்ரீ லுக் நாள் தாண்டிடுச்சு, சரண்டர் பண்ணா நிறைய போகும், அவனுக்கு வேற கவரும் இல்ல, அதனால பாலிசிய வெச்சுக்கிட்டான். சீட்டு எடுத்த பணத்துல 1,18,000 பார்ட் பேமென்ட் கட்டி, இஎம்ஐய குறைக்க சொல்லி எழுதி குடுத்தான். அடுத்த மாசம் 26,050 சொச்சம்தான் புடிச்சாங்க. சர்டிஃபிகேட்ட அவன் மனைவிகிட்ட குடுத்து, எந்த வருஷம் எவ்வளவு கவர்ங்குற அந்த டேபிள ஒரு தடவ வாசிச்சு காமிச்சான், க்ளெய்ம் பண்ண வேண்டியவங்க அவங்கதானே.